மில்லர்–ஓர் மாதிரி

மில்லர்–ஓர் மாதிரி என்பது ஒரு நிறுவனம் தன் கையிருப்பிலும் நடப்புக் கணக்கிலும் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும் கணித மாதிரி ஆகும். நாள்தோறும் வரும் பணமும் வெளிச்செல்லும் பணமும் முன்கூட்டிக் கூற இயலாதவாறு ஏறி இறங்கும் சூழலுக்காக இது வடிவமைக்கப்பட்டது. ரொக்க இருப்புக்கு ஒரு கீழ்வரம்பு, ஒரு மேல்வரம்பு, இவ்விரண்டுக்கும் இடையே ஒரு திரும்பும் புள்ளி என மூன்று அளவுகளை இம்மாதிரி தருகிறது. இருப்பு இரு வரம்புகளுள் ஏதேனும் ஒன்றைத் தொடும் வரை எச்செயலும் செய்யப்படுவதில்லை. தொட்டவுடன் குறுகியகாலப் பிணையங்களை வாங்கியோ விற்றோ இருப்பு திரும்பும் புள்ளிக்குக் கொண்டுவரப்படுகிறது.

நடைமுறை மூலதன மேலாண்மை (இலங்கை வழக்கில் தொழிற்படு மூலதன முகாமைத்துவம்) தொடர்பான தேர்வுகளில் இம்மாதிரியைக் கொண்டு வினாக்கள் கேட்கப்படுவது வழக்கம். ஏ.சி.சி.ஏ அமைப்பின் நிதி மேலாண்மைத் தாளில் இதற்கான வாய்பாடு வினாத்தாளுடனேயே தரப்படுகிறது. ஆயினும் வட்டி வீதத்தின் கால அலகு, திட்ட விலக்கத்தை இருமடியாக்குதல் ஆகிய இரண்டு இடங்களில் நேரும் பிழைகளால் விடை பல மடங்கு மாறிவிடக்கூடும்.

## வரலாறு

ரொக்க இருப்பைச் சரக்கிருப்பைப் போலக் கருதும் முறையை வில்லியம் பாமோல் 1952ஆம் ஆண்டில் முன்வைத்தார். அவரது மாதிரியில் ரொக்கம் ஒரே சீரான வேகத்தில் செலவாகிறது. தீர்ந்தவுடன் ஒரு குறிப்பிட்ட தொகைக்குப் பிணையங்கள் விற்கப்படுகின்றன. ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் ரொக்கம் ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். இக்குறையை நீக்கும் நோக்குடன் மெர்ட்டன் மில்லரும் டேனியல் ஓரும் 1966ஆம் ஆண்டில் பொருளியல் காலாண்டிதழ் ஒன்றில் தம் மாதிரியை வெளியிட்டனர். மில்லர் பின்னர் 1990ஆம் ஆண்டில், ஹாரி மார்க்கோவிட்ஸ், வில்லியம் ஷார்ப் ஆகியோருடன் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

## அடிப்படைக் கருத்து

ரொக்கம் வைத்திருப்பதில் ஒன்றற்கொன்று எதிரான இரு செலவுகள் உள்ளன. முதலாவது வாய்ப்புச் செலவு. ரொக்கமாகக் கிடக்கும் பணம் பிணையங்களில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியை இழக்கிறது. இரண்டாவது பரிமாற்றச் செலவு. பிணையங்களை வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு, வங்கிக் கட்டணம், அலுவலர் நேரம் ஆகியவற்றுக்காக ஒவ்வொரு முறையும் ஒரு நிலையான தொகை செலவாகிறது.

வரம்புகளை நெருக்கமாக வைத்தால் சராசரி இருப்பு குறையும். எனவே வட்டி இழப்பும் குறையும். ஆனால் இருப்பு அடிக்கடி வரம்பைத் தொடும் என்பதால் பரிமாற்றச் செலவு கூடும். வரம்புகளை அகலமாக வைத்தால் இதற்கு மாறாக நிகழும். இவ்விரு செலவுகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் அகலத்தைக் கண்டறிவதே இம்மாதிரியின் பணி ஆகும்.

கீழ்வரம்பை இம்மாதிரி கணிப்பதில்லை. வங்கி கோரும் குறைந்தபட்ச இருப்பு, நிறுவனத்தின் அச்சம், அவசரத்துக்குக் கடன் கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டு மேலாளர்களே அதைத் தீர்மானிக்கின்றனர். ஆகவே தேர்வு வினாக்களில் கீழ்வரம்பு எப்போதும் தரவாகவே கொடுக்கப்படும்.

## வாய்பாடு

கீழ்வரம்பை L எனவும், திரும்பும் புள்ளியை Z எனவும், மேல்வரம்பை H எனவும், இரு வரம்புகளுக்கும் இடையேயான இடைவெளியை S எனவும் கொள்வோம். ஒரு முறைக்கான பரிமாற்றச் செலவு b, நாளொன்றுக்கான நிகர ரொக்க ஓட்டத்தின் விலக்க வர்க்கச் சராசரி v, நாள் வட்டி வீதம் i எனில்:

```
S = 3 × [ (3/4 × b × v) / i ]^(1/3)
H = L + S
Z = L + S/3
```

சில பாடநூல்களில் இதே வாய்பாடு வேறு வடிவில் தரப்பட்டிருக்கும். அங்கே முதலில் Z கணிக்கப்பட்டு, அதிலிருந்து மேல்வரம்பு பெறப்படுகிறது:

```
Z = L + [ 3bv / 4i ]^(1/3)
H = 3Z − 2L
```

இரண்டும் ஒன்றே. முதல் வடிவில் கனமூலத்துக்கு முன் 3 என்னும் பெருக்கெண் உண்டு, இரண்டாவதில் இல்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு வடிவின் கனமூலத்தை எடுத்து மற்றொரு வடிவின் அடுத்த அடியில் இடுவோர் மூன்று மடங்கு பிழையான விடையைப் பெறுவர்.

### திரும்பும் புள்ளி நடுவில் இல்லாமைக்குக் காரணம்

திரும்பும் புள்ளி இடைவெளியின் நடுவில் அமையாமல், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அமைகிறது. இதன் காரணத்தை அறிய இரண்டு முடிவுகள் தேவை. ரொக்க இருப்பு சமவாய்ப்பு நடையாக ஏறி இறங்குகிறது எனக் கொண்டால், திரும்பும் புள்ளியிலிருந்து புறப்பட்ட இருப்பு ஏதேனும் ஒரு வரம்பைத் தொடுவதற்குச் சராசரியாக ஆகும் நாட்களின் எண்ணிக்கை பின்வருமாறு:

```
நாட்கள் = (Z − L) × (H − Z) / v
```

நீண்ட காலத்தில் சராசரி இருப்பு பின்வருமாறு அமையும்:

```
சராசரி இருப்பு = (L + Z + H) / 3
```

முதல் வாய்பாட்டை மட்டும் நோக்கினால் Z நடுவில் இருப்பதே நல்லது. ஏனெனில் அப்போதுதான் பெருக்கற்பலன் மிகப் பெரிதாகி, பரிமாற்றங்கள் மிகக் குறைவாகும். ஆனால் Z உயர உயரச் சராசரி இருப்பும் உயர்ந்து வட்டி இழப்பு கூடுகிறது. கீழ்ப்பகுதியின் நீளத்தை ஓர் அலகு கூட்டினால் Z, H ஆகிய இரண்டும் உயர்கின்றன; மேற்பகுதியின் நீளத்தைக் கூட்டினால் H மட்டும் உயர்கிறது. அதாவது கீழ்ப்பகுதியின் ஒவ்வோர் அலகும் மேற்பகுதியின் அலகைப் போல இரு மடங்கு வட்டி இழப்பை உண்டாக்குகிறது. எனவே கீழ்ப்பகுதி மேற்பகுதியில் பாதியாக இருக்கும்போது மொத்தச் செலவு மிகக் குறைவாகிறது. ஒன்றுக்கு இரண்டு என்னும் இவ்விகிதமே வாய்பாட்டில் மூன்றில் ஒரு பங்காகத் தோன்றுகிறது.

## எடுத்துக்காட்டு

தேர்வில் வரும் வினாவைப் போன்ற ஒன்றைக் கொள்வோம். ஒரு நிறுவனம் குறைந்தபட்சம் ₹1,00,000 ரொக்கம் வைத்திருக்க விரும்புகிறது. அதன் நாளாந்த நிகர ரொக்க ஓட்டத்தின் திட்ட விலக்கம் ₹30,000. பிணையங்களை ஒரு முறை வாங்கவோ விற்கவோ ஆகும் செலவு ₹1,000. பிணையங்கள் ஆண்டுக்கு 7.3% வட்டி ஈட்டுகின்றன. ஓர் ஆண்டுக்கு 365 நாட்கள் எனக் கொள்க.

முதலில் தரவுகளை வாய்பாட்டுக்கு ஏற்றவாறு மாற்ற வேண்டும். நாள் வட்டி வீதம் 7.3% ÷ 365 = 0.02%, அதாவது 0.0002. விலக்க வர்க்கச் சராசரி 30,000 × 30,000 = 90,00,00,000, அதாவது 90 கோடி. இனி வாய்பாட்டில் இடலாம்:

```
(3/4 × 1,000 × 90,00,00,000) / 0.0002 = 3.375 × 10^15
கனமூலம் = 1,50,000
S = 3 × 1,50,000 = 4,50,000
H = 1,00,000 + 4,50,000 = 5,50,000
Z = 1,00,000 + 1,50,000 = 2,50,000
```

இவ்விடையைச் சொற்களில் எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. இருப்பு ₹5,50,000ஐத் தொடும்போது நிறுவனம் ₹3,00,000க்குப் பிணையங்களை வாங்கி இருப்பை ₹2,50,000க்குக் குறைக்கும். இருப்பு ₹1,00,000ஆகக் குறையும்போது ₹1,50,000க்குப் பிணையங்களை விற்று இருப்பை ₹2,50,000க்கு உயர்த்தும். வாங்கும் தொகை விற்கும் தொகையைப் போல இரு மடங்கு என்பதைக் காண்க.

சில வினாக்களில் ஒரு குறிப்பிட்ட நாளின் இருப்பு தரப்பட்டு, செய்ய வேண்டியது என்ன எனக் கேட்கப்படும். இருப்பு ₹1,15,000ஆக உள்ள நாளில் ₹40,000 செலுத்த நேர்ந்தால் இருப்பு ₹75,000ஆகிக் கீழ்வரம்பைக் கடந்துவிடும். அப்போது விற்க வேண்டிய பிணையங்களின் மதிப்பு ₹1,50,000 அன்று. ₹2,50,000இலிருந்து ₹75,000ஐக் கழித்துக் கிடைக்கும் ₹1,75,000 ஆகும். இருப்பு ₹4,80,000ஆக இருந்தால் எதுவும் செய்யத் தேவையில்லை. திரும்பும் புள்ளியை விட மிக அதிகமாக இருப்பினும் மேல்வரம்பைத் தொடவில்லை என்பதே காரணம்.

### சராசரி இருப்பும் செலவும்

சராசரி இருப்பு (1,00,000 + 2,50,000 + 5,50,000) ÷ 3 = ₹3,00,000. இரு வரம்புகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ₹3,25,000 கிடைக்கும், அது பிழையானது. இருப்பு ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கி ஒதுங்கிய ஒரு புள்ளியிலிருந்தே மீண்டும் புறப்படுவதால் சராசரியும் நடுப்புள்ளிக்குக் கீழே அமைகிறது.

இரு பரிமாற்றங்களுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம் 1,50,000 × 3,00,000 ÷ 90 கோடி = 50 நாட்கள். எனவே பரிமாற்றச் செலவு நாளொன்றுக்கு ₹1,000 ÷ 50 = ₹20. கீழ்வரம்புக்கு மேற்பட்ட சராசரி இருப்பு ₹2,00,000. இதன் வட்டி இழப்பு நாளொன்றுக்கு ₹40. இரண்டும் சேர்ந்து ₹60. கீழ்வரம்பாக என்றும் கிடக்கும் ₹1,00,000க்கு மேலும் ₹20 இழப்பு உண்டு. ஆனால் அது வரம்புகளின் தேர்வைப் பொறுத்ததன்று.

உகந்த நிலையில் வட்டி இழப்பு, பரிமாற்றச் செலவைப் போலச் சரியாக இரு மடங்காக இருக்கும். பாமோல் மாதிரியில் இவ்விரு செலவுகளும் சமமாக இருக்கும் என்பதால், அதே விதியை இங்கும் எதிர்பார்ப்போர் தம் சரியான விடையையே பிழை என்று எண்ணிவிடுவது உண்டு.

## வழக்கமான பிழைகளும் அவற்றைக் கண்டறிதலும்

மேற்கண்ட எடுத்துக்காட்டில் நாள் வட்டி வீதத்துக்குப் பதிலாக ஆண்டு வட்டி வீதமான 0.073ஐ அப்படியே இட்டால், கனமூலம் ஏறத்தாழ ₹20,990 ஆகவும் இடைவெளி ஏறத்தாழ ₹63,000 ஆகவும் கிடைக்கும். சரியான விடையுடன் ஒப்பிட இது ஏழில் ஒரு பங்கே. 365இன் கனமூலம் ஏறத்தாழ 7.15 என்பதே இம்மடங்குக்குக் காரணம்.

திட்ட விலக்கத்தை இருமடியாக்க மறந்தால் இடைவெளி ஏறத்தாழ ₹14,500 ஆகச் சுருங்கிவிடும். 0.02% என்பதை 0.0002 என எழுதாமல் 0.02 என எழுதினால் இடைவெளி ஏறத்தாழ ₹97,000 ஆகும்.

இம்மூன்று பிழைகளையும் ஒரே சோதனையால் கண்டறியலாம். கிடைத்த இடைவெளியை ஒரு நாளின் திட்ட விலக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சரியான விடையில் இடைவெளி ₹4,50,000. இது திட்ட விலக்கத்தின் 15 மடங்கு. ₹63,000 என்பது இரு மடங்கு மட்டுமே. இந்த அகலத்தில் இருப்பு ஏறத்தாழ நாள்தோறும் வரம்பைத் தொடும்; நிறுவனம் நாளொன்றுக்குச் சுமார் ₹1,000 பரிமாற்றச் செலவு செய்து, ஆறு ரூபாய்க்கும் குறைவான வட்டியையே இழக்கும். ₹14,500 என்பது ஒரு நாள் ஏற்ற இறக்கத்தில் பாதி கூட இல்லை. விடை இவ்வாறு அமைந்தால் அலகுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

வினாவில் திட்ட விலக்கத்துக்குப் பதிலாக விலக்க வர்க்கச் சராசரியே நேரடியாகத் தரப்படுவதும் உண்டு. "விலக்க வர்க்கச் சராசரி ₹90 கோடி" என்று எழுதப்பட்டிருந்தால், ரூபாய்க் குறி இருப்பதைக் கண்டு அதை மேலும் ஒரு முறை இருமடியாக்கக் கூடாது.

கால அலகைப் பொறுத்தவரை, நாள் அலகையே பயன்படுத்த வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வாய்பாட்டில் v, i ஆகியவற்றின் விகிதமே இடம்பெறுவதால் இரண்டும் ஒரே கால அலகில் இருந்தால் போதும். ஒரு நாளின் ஓட்டம் மற்றொரு நாளின் ஓட்டத்தைச் சாராதது எனில், ஆண்டு விலக்க வர்க்கச் சராசரி நாளுக்கானதைப் போல 365 மடங்கு. ஆண்டு வட்டி வீதமும் எளிய வட்டி முறையில் 365 மடங்கு. இரண்டையும் ஆண்டு அலகில் இட்டாலும் அதே ₹1,50,000 கிடைக்கும். திட்ட விலக்கத்தை 365ஆல் பெருக்கி இருமடியாக்குவது மட்டும் பிழை. பெருக்க வேண்டியது விலக்க வர்க்கச் சராசரியையே.

## மாறிகளின் விளைவு

கனமூலத்தின் காரணமாக விடை மெதுவாகவே மாறுகிறது. பரிமாற்றச் செலவு எட்டு மடங்கானால் இடைவெளி இரு மடங்காகும். வட்டி வீதம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தாலும் அவ்வாறே. திட்ட விலக்கம் இருமடியாக இடம்பெறுவதால், அது எட்டு மடங்கானால் இடைவெளி நான்கு மடங்காகும். "வட்டி வீதம் உயர்ந்தால் வரம்புகள் என்னாகும்" என்பது போன்ற விளக்க வினாக்களுக்கு இதிலிருந்து விடை கூறலாம்: இடைவெளி சுருங்கும், திரும்பும் புள்ளியும் மேல்வரம்பும் இறங்கும், கீழ்வரம்பு மாறாது.

உகந்த புள்ளிக்கு அருகில் மொத்தச் செலவும் மெதுவாகவே மாறுகிறது. மேற்கண்ட நிறுவனம் அதே வரம்புகளை வைத்துக்கொண்டு, திரும்பும் புள்ளியை மட்டும் நடுவிலுள்ள ₹3,25,000க்கு மாற்றினால் பரிமாற்றங்கள் சராசரியாக 56 நாட்களுக்கு ஒரு முறை நிகழும். நாளொன்றுக்கான செலவு ₹60இலிருந்து ஏறத்தாழ ₹62.80 ஆக உயரும். இது 5 விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு. எனவே நடைமுறையில் சிறு பிழைகள் பெருந்தீங்கு விளைவிப்பதில்லை. அலகுப் பிழையால் இடைவெளி ஏழு மடங்கு சுருங்குவதே பெரும் இழப்பைத் தரும்.

## குறைபாடுகள்

ரொக்க ஓட்டம் முற்றிலும் சமவாய்ப்பானது என்பது இம்மாதிரியின் முதன்மையான கருதுகோள். மாத இறுதியில் ஊதியம், காலாண்டுதோறும் முன்வரி, பண்டிகைக்கால விற்பனை போன்றவை முன்பே தெரிந்தவை. இவற்றையும் சேர்த்துத் திட்ட விலக்கத்தைக் கணித்தால் அது தேவைக்கு மேல் பெரிதாகி, வரம்புகளும் அகலமாகிவிடும். தெரிந்த வரவு செலவுகளை ரொக்க வரவு செலவுத் திட்டத்தில் தனியே கணக்கிட்டுவிட்டு, எஞ்சிய ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் இம்மாதிரியைப் பயன்படுத்துவது பொருத்தமானது.

நாளாந்த நிகர ஓட்டத்தின் சராசரி சுழியம் எனவும் இம்மாதிரி கொள்கிறது. தொடர்ந்து நட்டமடையும் நிறுவனத்தின் இருப்பு மீண்டும் மீண்டும் கீழ்வரம்பையே தொடும். விற்கப் பிணையங்கள் தீர்ந்த பின் இம்மாதிரி எவ்வழியும் காட்டுவதில்லை. அவ்வாறே தொடர்ந்து மேல்வரம்பைத் தொடும் நிறுவனத்துக்குத் தேவைப்படுவது நீண்டகால முதலீட்டு முடிவே ஆகும்.

பரிமாற்றச் செலவு தொகையின் அளவைச் சாராத நிலையான செலவு என்பதும், பிணையங்களை உடனடியாக விற்க இயலும் என்பதும் பிற கருதுகோள்கள். விற்ற பணம் கணக்குக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும் எனில், அந்நாட்களின் தேவைக்கேற்பக் கீழ்வரம்பை உயர்த்த வேண்டியிருக்கும்.

## இவற்றையும் பார்க்க

- பாமோல் மாதிரி
- நடைமுறை மூலதனம்
- ரொக்க வரவு செலவுத் திட்டம்
- சமவாய்ப்பு நடை
- திட்ட விலக்கம்